சூட்டோடு கட்டிய பொட்டலம்

மீட்டிங் சாப்பாடு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் வீட்டுக்காரர் மலைமேல் யூனியன் ஆபீசில் பியூனாக இருந்தார். மாதத்தில் இரண்டு தடவை அங்கே கூட்டம் நடக்கும். திருப்பத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் ஆபீசர்கள் ஏறி வருவார்கள். அந்த நாளில் எங்கள் ஊரில் இருந்தது ஒரு டீக்கடை மட்டும்தான். அங்கே பன்னும் பொறை ரொட்டியும் கிடைக்கும், சோறு கிடைக்காது. மதியம் ஆனால் ஆபீசர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்காக நிற்பார்கள். ஒரு நாள் வீட்டுக்காரர் வந்து, "நாளைக்குப் பதினஞ்சு பேருக்கு எதுனா கட்டிக் குடுக்கிறியா?" என்று கேட்டார். கட்டிக் கொடுத்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் தடவை எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் வைத்தேன். வாழையிலையை அடுப்புத் தணலில் காட்டி வாட்டினால்தான் மடிக்கும்போது கிழியாது. அது எனக்குத் தெரியும். இலையில் சோற்றை வைத்து, மேலே பேப்பர் சுற்றி, ஊறவைத்த வாழைநாரால் கட்டி, கூடையில் அடுக்கி, தலையில் வைத்துக்கொண்டு போனேன். என் வீட்டிலிருந்து ஆபீசுக்கு ஐந்து நிமிஷ நடைதான். ஒரு ஆபீசர் பொட்டலத்தைப் பிரித்ததும் குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. அவர் மூக்குக்கண்ணாடியில் பனி படர்ந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். "இந்தக் குளுர்ல இது வேலூர் ஓட்டல்ல கூட கெடைக்காதும்மா" என்றார் அவர்.

அன்றிலிருந்து சூடுதான் என் பெயர் என்று வைத்துக்கொண்டேன். கூட்டம் ஒரு மணிக்குக் கலையும் என்றால் பன்னிரண்டரைக்குத்தான் சோற்றை வடிப்பேன். வடித்த சூட்டிலேயே கிளறி, கை பொசுங்கப் பொசுங்கக் கட்டுவேன். விரல் நுனியெல்லாம் சிவந்துபோகும். ஒருவருக்கும் ஆறிப்போன சோறு கொடுத்ததில்லை. வனத்துறை ஆபீஸ், மலைவாழ் மக்கள் சொசைட்டி, தேனீ வளர்க்கிற பயிற்சி, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பதினோரு மணிக்கு ஒரு தட்டு வடையோ சுண்டலோ, டீ. ஒரு மணிக்குப் பொட்டலம். எனக்கு எழுத்து கூட்டிக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் ஆபீஸ் சீட்டில் எத்தனை பேர், எந்த மணிக்கு என்பதைப் படித்துவிடுவேன். அதற்கு ஒருவரையும் கேட்டு நின்றதில்லை.

இப்படி இருக்கும்போது ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் பயிற்சி வந்தது. மலையில் பிள்ளைப்பேறு பார்க்கிற பெண்களைக் கூட்டிவந்து, கை கழுவுவது எப்படி, தொப்புள்கொடியை எதைக் கொண்டு அறுப்பது என்று சொல்லிக்கொடுக்கும் பயிற்சி. மூன்று வாரம். திங்கள் முதல் வியாழன் வரை. பெரிய நர்ஸம்மா என் வீட்டுக்கே வந்தார். சமவெளிப் பக்கத்துக்காரர். வெள்ளைச் சேலையில் ஒரு மடிப்புக் கலையாது.

"பன்னெண்டு பேரும்மா. காலையில எதையும் துன்னாம நடந்து வர்றாங்க. வயிறு காஞ்சா நான் சொல்றது மண்டையில ஏறாது. பதினோரு மணிக்கு எதுனா, ஒரு மணிக்குச் சாப்பாடு. சுத்தமா இருக்கணும்."

"என் சோத்துல ஒரு தலமுடி கெடைச்சா அன்னியோட விட்டுடறேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் வேலையை எனக்குத்தான் கொடுத்தார்.

திங்கட்கிழமை எலுமிச்சைச் சாதம் கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக் கொட்டகையில் பன்னிரண்டு பெண்களும் சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு மணிக்குக் கொடுத்த மொச்சைச் சுண்டலை ஒன்று விடாமல் சாப்பிட்டுவிட்டு, டீயை ஊதி ஊதிக் குடித்தார்கள். ஒரு மணிக்கு நான் பொட்டலத்தை நீட்டினேன். ஒவ்வொருத்தியும் இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கி, மடியிலோ துணிப்பையிலோ வைத்துக்கொண்டாள். ஒருத்தியும் பிரிக்கவில்லை. நர்ஸம்மா தன் அறையில் சாப்பிடப் போயிருந்தார். நான் கூடையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏம்மா, துன்னலியா? ஆறிடப் போவுது" என்றேன்.

நெல்லிவாசல் பக்கமிருந்து வந்திருந்த ஒருத்தி பதில் சொன்னாள். என் வயதுதான் இருக்கும். நல்ல உயரம், முழங்கை வரை பச்சை குத்தியிருந்தாள். மற்றவர்கள் பேசத் தயங்குகிற இடத்தில் அவள்தான் பேசுவாள். "பசிக்கலக்கா. சுண்டலே ரொம்பிப் போச்சி" என்றாள்.

ஒரு பிடி சுண்டலில் யாருக்கு வயிறு நிறையும்? நான் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் மனசு சுருக்கென்றது. நான் அடிவாரத்துக்காரி, படவேட்டுப் பக்கம். அவர்கள் மலைக்காரர்கள். என் கையால் சாப்பிட அவர்களுக்கு மனசில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆபீசர் எல்லாம் விரலைச் சூப்பிச் சாப்பிட்ட சோறு.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "உன் சோத்தத் துன்னுட்டா அவங்க சமைக்கிற கைப் பதம் மறந்து பூடும்னு பயப்படறாங்களோ இன்னாமோ" என்றார்.

"உனக்கு எதுதான் வெளையாட்டு இல்ல" என்றேன்.

செவ்வாய்க்கிழமை நான் செய்ததை இப்போது நினைத்தாலும் என் மேல்தான் கோபம் வருகிறது. சூடு பற்றாமல் போனதால்தான் பிரிக்கவில்லை என்று எனக்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். ஆஸ்பத்திரி மேட்டுத்தெருவில் இருக்கிறது. யூனியன் ஆபீசைப்போல இரண்டு மடங்கு நடை. காற்றும் அடிக்கும். அதனால் கூடைக்குள் வைக்கோலைப் பரப்பினேன். அன்றைக்குச் சாம்பார் சாதம், தேங்காய்த் துவையல். குழைய வடித்த சோற்றில் கொதிக்கிற சாம்பாரை ஊற்றிப் பிசைந்து, சுடச்சுட இலையில் வைத்து, பக்கத்திலேயே துவையலையும் வைத்துக் கட்டி, வைக்கோலுக்குள் புதைத்து, மேலே கோணிச் சாக்கைப் போட்டு மூடினேன். அப்படி ஒரு கூடை அதுவரை நான் தூக்கியதில்லை. தலையில் வைத்தால் சும்மாட்டைத் தாண்டிச் சூடு இறங்கியது.

பொட்டலத்தை வாங்கினபோது நெல்லிவாசல்காரி கையை உதறினாள். "இன்னாக்கா, அடுப்பையே கட்டிக்கினு வந்துட்டியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அன்றைக்கும் ஒருத்தியும் பிரிக்கவில்லை. எல்லாம் பைக்குள் போயிற்று.

புதன்கிழமை பதினோரு மணிக்குச் சுண்டல் தூக்கோடு போனேன். பதினொரு பேர்தான் இருந்தார்கள். நெல்லிவாசல்காரி இல்லை. நர்ஸம்மா ஆஜர்ப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டே, "மூணாம் நாளே மட்டமா? ரெண்டு நாள் வரலன்னா பேரை எடுத்துடுவேன்னு சொல்லிட்டுத்தானே ஆரம்பிச்சேன். லிஸ்டுல கீழ அடுத்த ஆளு காத்துக்கினு கீறாங்க" என்றார். பேர் எடுத்தால் கடைசி நாளில் கொடுக்கும் அலுமினியப் பெட்டி கிடையாது, பயிற்சி முடித்த சீட்டும் கிடையாது. கத்தரிக்கோல், நூல், சோப்பு, பிரஷ் எல்லாம் அந்தப் பெட்டியில் இருக்கும். அதற்காகத்தான் அவர்கள் அத்தனை தூரம் நடந்து வந்தார்கள்.

நர்ஸம்மா உள்ளே போனதும் சுண்டலைப் பங்கு வைத்தேன். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்து ஊர்க்காரியிடம், "அவளுக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டேன்.

அவள் டீத் தம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "புள்ளைக்கு ராத்திரி பூரா வாந்திக்கா. சின்னது."

"எதனால?"

"நீ குடுத்த சோறு."

அவள் சொல்லச் சொல்லத்தான் விஷயம் விளங்கியது. அவர்கள் பொட்டலத்தைச் சாப்பிடாமல் இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். மலையில் அப்போது வீட்டுக்கு வீடு சாமைதான். அரிசிச் சோறு பண்டிகைக்குத்தான். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் அரிசிச் சோறு கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் பிள்ளைகள் சாயங்காலம் வழியில் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டன. நாலு மணிக்கு வகுப்பு விட்டு, பஸ்ஸில் பாதி வழி, நடந்து பாதி வழி. விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் பொட்டலம் பிரிபடும். ஒரு மணிக்குக் கட்டினது.

"தொறந்தா கப்புன்னு அடிச்சிது. நூலு நூலா வந்துது. நான் ஆட்டுக்கு வெச்சுட்டேன். அவ வூட்ல நாலு புள்ளைங்க. பெரிசுங்க மோந்து பாத்துட்டு விட்டுடுச்சி. சின்னது துவையல வழிச்சித் துன்னுடுச்சாம்" என்றாள்.

சூடாகக் கட்டின சோறு இலைக்குள்ளேயே வேர்க்கும். வேர்த்த தண்ணீர் எங்கும் போகாது. வைக்கோலில் புதைத்தால் அந்தச் சூடு நாலு மணிக்கும் அடங்காது. தயிருக்கு உறை ஊற்றி வைக்கிற மாதிரிதான் அது. அதற்குள் தேங்காய்த் துவையல் வேறு. உடனே சாப்பிடுகிறவனுக்கு அது விருந்து. ஆறு மணி நேரம் கழித்துச் சாப்பிடுகிறவனுக்கு நஞ்சு. பள்ளிக்கூடத்துக்குக் கட்டுச்சோறு கட்டுகிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆவிக்கு ஆசைப்பட்டு மறந்துபோனேன்.

"நர்ஸம்மாகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

பதினொரு பேரும் ஒரே நேரத்தில் இல்லையென்று தலையை ஆட்டினார்கள். பக்கத்து ஊர்க்காரி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிடாதக்கா. இங்க துன்றதுக்குத்தான் குடுக்கறோம், வூட்டுக்குக் கொண்டு போறதுக்கு இல்லன்னு மொத நாளே சொல்லிச்சி அந்தம்மா. தெரிஞ்சா பொட்டலத்தையே நிறுத்திடும்."

"அவ பேர அடிச்சிடுவாங்களே."

"நாளைக்கு வந்துருவா."

"வரலன்னா?"

அவள் என் முந்தானையை விட்டாள்.

ஒரு மணிக்கு என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை. வீட்டுக்குப் போய், உடனே சோற்றை வடித்து, சுளகில் கொட்டி விசிறினேன். ஆறட்டும் என்று விட்டேன். அது ஆறும் நேரம் முழுக்க யோசித்தேன். நான் வாயை மூடிக்கொண்டால் என் பெயர் அப்படியே இருக்கும். ஆபீசருக்குத் தெரியாது, நர்ஸம்மாவுக்குத் தெரியாது. அந்தப் பெண்களும் சொல்லப்போவதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தியின் பெயர் மட்டும் புத்தகத்திலிருந்து போகும். என் சோற்றைச் சாப்பிட்ட பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததற்காக அவள் பெயர் போகும். அதை என்னால் விழுங்க முடியவில்லை. நல்ல மனசு என்று இதைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். என் தப்பை இன்னொருத்தி சுமப்பது எனக்குக் கௌரவக் குறைச்சல்.

ஆறின பொட்டலங்களைக் கொடுத்துவிட்டு நேரே நர்ஸம்மாவின் அறைக்குப் போனேன். அவர் தயிர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நெல்லிவாசல்காரி வராதது என்னாலதான்" என்றேன். "நேத்து நான் கட்டின சோறு கெட்டுப் போயி அவ புள்ளைக்கு வாந்தி. அவ பேர எடுக்காதீங்க. எடுக்கறதா இருந்தா என்னைய எடுத்துடுங்க."

அவர் கை தட்டிலேயே நின்றது. "நேத்து எல்லாரும் சூடா இருந்துதுன்னுதானே சொன்னாங்க?"

"சூடாத்தான் இருந்துது. அதுதான் தப்பு."

"இங்க துன்னது எப்பிடி அவ புள்ளைக்கு ஆச்சி?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. கொட்டகையில் பதினொரு பேரும் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "வூட்டுக்கு எடுத்துக்கினு போறாங்க நர்ஸம்மா" என்றேன். "யாரும் இங்க துன்றதில்ல."

அவர் எழுந்து கை கழுவினார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. "வாந்தி எத்தனை தடவை, வெளிக்குப் போச்சா?" என்று கொட்டகைக்கு வந்து கேட்டார். பக்கத்து ஊர்க்காரி தெரிந்ததைச் சொன்னாள். நர்ஸம்மா மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஜீப் டிரைவரைக் கூப்பிட்டார். என்னைப் பார்த்து, "நீயும் ஏறு" என்றார்.

ஜீப் போகிற வரை போய், மீதியை நடந்தோம். வீட்டு வாசலில் நெல்லிவாசல்காரி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை ஒவ்வொரு சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தது. நர்ஸம்மா வயிற்றைத் தொட்டார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார்.

"யாரு சொன்னாங்க இப்பிடிக் குடுக்கச் சொல்லி?"

"யாரும் சொல்லல. எல்லாப் புள்ளைக்கும் இதான் குடுக்கிறது" என்றாள் அவள்.

"இதத்தான் நாளைக்குப் பாடமா எடுக்கலாம்னு இருந்தேன்" என்றார் நர்ஸம்மா. பிறகு, "நீயே எடு" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். "சூட்டோட கட்டிட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

"நானும் அங்கியே பிரிச்சி ஆற வெச்சிருந்தா கெட்டிருக்காது. புள்ளைங்க பிரிச்சாதான் சந்தோசம்னு கட்டோட கொண்டாந்துட்டேன்" என்றாள். அவ்வளவுதான். அவள் அழவும் இல்லை, என்னை மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை.

திரும்பும்போது ஜீப்பில் நர்ஸம்மா சொன்னார். "நாளையிலேர்ந்து பொட்டலம் வேணாம். இலை போட்டு இங்கியே பரிமாறு. எதிர்ல உக்காந்து துன்ன வைக்கிறேன்."

"அப்போ பாதிப் பேரு வரமாட்டாங்க" என்றேன்.

"ஏன்?"

"வழியில புள்ளைங்க நிக்குது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பக்கம் புளியமரங்களைத் தவிர ஒன்றுமில்லை. நான்தான் மேலே பேசினேன். பதினோரு மணிக்குச் சுண்டல் வேண்டாம், அதற்குப் பதில் சாமை உப்புமா இலையில் போடுகிறேன், வயிறு நிறைய அங்கேயே சாப்பிடட்டும். இலையில் போட்ட உப்புமாவை ஒருத்தியும் மடியில் கட்ட முடியாது. வீட்டில் தினமும் இருக்கிற சாமையை எடுத்துப் போகவும் மனசு வராது. ஒரு மணிக்குப் புளிச்சோறு. உதிரி உதிரியாக வடித்து, எண்ணெய் விட்டு, ஆறவைத்து, காய்ச்சின புளிக்காய்ச்சலைக் கலந்து, நன்றாக ஆறின பிறகே இலையில் கட்டுகிறேன். துவையல் கிடையாது, வறுத்த வடகம் தனியாக. தேங்காய் எதிலும் சேராது. எடுத்துப் போகிறவர்கள் எடுத்துப் போகட்டும்.

"கெட்டுப் போவாதுன்னு எப்பிடி நம்பறது?"

"ஒண்ணு உங்க மேசைமேல வெச்சிருங்க. வெளக்கு வெக்கிற நேரத்துல நீங்களே பிரிச்சித் துன்னுங்க."

"துன்னுட்டு எனக்கு வாந்தி வந்தா?"

"மருந்துப் பெட்டி பக்கத்துலதான் கீது."

அவர் வாய் கொஞ்சம் கோணியது. சிரிப்பு என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை அப்படியே செய்தேன். விடிவதற்கு முன்பே சோற்றை வடித்து, இரண்டு சுளகிலும் ஒரு பாயிலும் பரப்பி, புறங்கையை வைத்து வைத்துப் பார்த்தேன். புறங்கைக்குக் குளிர்ந்த பிறகுதான் இலையைத் தொட்டேன். என் வீட்டுக்காரர், "செத்த சோறு மாதிரி கெடக்குது" என்றார். "நீ துன்னாத" என்றேன்.

நெல்லிவாசல்காரி அன்றைக்கு வந்துவிட்டாள். சின்னதைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். நர்ஸம்மா புதன்கிழமைக் கோட்டின்மேல் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று என்னால் எழுத்துக் கூட்ட முடியவில்லை. ஆனால் பேர் இருந்தது. பதினோரு மணிக்கு உப்புமாவைப் பன்னிரண்டு பேரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு கஞ்சித் தண்ணீர்ப் பாடத்தை அவள்தான் நின்றுகொண்டு சொன்னாள். எவ்வளவு உப்பு என்று நர்ஸம்மா கேட்டதற்கு, "கண்ணுத் தண்ணி மாதிரி கரிக்கணும், அதுக்கு மேல போவக் கூடாது" என்றாள். நர்ஸம்மா அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் நான் பாத்திரம் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தச் சாக்கில் போனேன் என்று சொல்வதுதான் சரி. நர்ஸம்மா மேசைமேல் பொட்டலம் பிரிந்திருந்தது. பாதி தீர்ந்திருந்தது.

"உப்பு தூக்கல்" என்றார்.

"புளிச்சோறு நேரம் ஆக ஆக உப்ப இழுக்கும். அதுக்குத்தான்" என்றேன்.

அவர் மீதியையும் சாப்பிட்டு, இலையை மடித்தார்.

மூன்று வாரமும் அப்படியே போயிற்று. ஒருத்தியின் பேரையும் நர்ஸம்மா எடுக்கவில்லை. கடைசி நாள் அலுமினியப் பெட்டி கொடுத்தார்கள். திருப்பத்தூர்ப் பக்கமிருந்து ஒரு டாக்டர் வந்து ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டுக் கொடுத்தார். நெல்லிவாசல்காரி பெட்டியைத் திறந்து, கத்தரிக்கோலையும் சோப்பையும் ஒரு பக்கமாகத் தள்ளி, என் பொட்டலத்தை உள்ளே வைத்து மூடினாள்.

"ஏய், அதுல சோத்த வெக்காத" என்று நர்ஸம்மா குரல் கொடுத்தார். "மூணு வாரமா இன்னா சொல்லிக் குடுத்தேன்?"

அவள் பெட்டியைத் திறந்து பொட்டலத்தை எடுத்தாள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டாள். பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.